மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்

(பாரூரில் நம் அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியரும் கல்விக் குழு உறுப்பினருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





இன்று நான் பேசப் போவது ஒரே ஒரு தாளைப் பற்றி. சின்னத் தனியார் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றும் வைத்திருக்க வேண்டிய சேர்க்கை விதித் தாள் அது. எத்தனை இடம், யாருக்கு முன்னுரிமை, எந்தத் தேதிக்கு எத்தனை வயது, என்னென்ன சான்று, மறுத்தால் யாரிடம் போவது. இவ்வளவுதான் அதில் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் இந்தத் தாளைப் பார்த்ததே இல்லை. நேராகப் போகிறோம், அலுவலக அறையில் உட்கார்ந்திருப்பவர் வாயால் சொல்வதைக் கேட்கிறோம், திரும்பி வந்துவிடுகிறோம்.

போன வருடம் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பிள்ளையின் பெயர் ஆயிஷா என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய அத்தா பெங்களூரில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். பிள்ளை அங்கேயே ஒரு சின்ன ஸ்கூலில் யு.கே.ஜி. வரை படித்தாள். 2025 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். அங்கே 'வயது போதாது, இன்னொரு வருடம் யு.கே.ஜி.யிலேயே இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டார்கள். அதே சமயம் அத்தாவுக்கு வேலையும் போனது. குடும்பம் இந்தப் பக்கமே வந்துவிட்டது.

இங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மூன்று காரணம் சொன்னார்கள். ஒன்று, இப்போது புது விதி வந்துவிட்டது, ஆறு வயது ஆக வேண்டும். இரண்டு, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் இருக்கிறது. மூன்று, பிள்ளையை உட்கார வைத்துத் தமிழ் எழுத்துகளைக் காட்டினார்கள். கன்னடமும் இங்கிலீஷும் படித்த பிள்ளைக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. தாய் அழுதுகொண்டே நம் அலுவலகத்துக்கு வந்தார். இந்த மூன்று காரணத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் வயது

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது முடிந்திருந்தால் போதும். கணக்கு வைக்கும் தேதி ஜூலை 31. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் சேர்க்கைக்கு அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் பிறந்த தேதி வரம்பும் இந்தக் கணக்குப்படிதான் வருகிறது. ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை ஆறு வயது என்கிறது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் ஐந்து வயது என்றே சொல்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் கணக்கு வேறு. அங்கே ஜூன் 1ஆம் தேதிக்கு ஆறு வயது முடிய வேண்டும் என்று விதி கொண்டு வந்தார்கள். பெற்றோர் எதிர்த்ததால், 2025-26ஆம் ஆண்டுக்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் என்று தளர்த்தினார்கள். நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் பெங்களூரிலும் ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கத்திலும் வேலை செய்கிறோம். அதனால் இந்த இரண்டு கணக்கும் நம் வீடுகளில் ஒன்றோடொன்று கலந்து குழப்பம் செய்கின்றன.

ஆயிஷா பிறந்தது 2020 மார்ச் 20. 2025 ஜூன் 1ஆம் தேதி அவளுக்கு ஐந்து வயது இரண்டு மாதம் சொச்சம். கர்நாடகத்தின் தளர்த்திய கணக்குக்கும் அது எட்டவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் சொன்னது அங்கே சரிதான். ஆனால் 2025 ஜூலை 31ஆம் தேதி அவளுக்கு ஐந்து வயது நான்கு மாதம். தமிழ்நாட்டில் தாராளமாக ஒன்றாம் வகுப்பு வயது. ஒசூரைத் தாண்டி வந்ததும் அதே பிள்ளை தகுதியுள்ளவள் ஆகிவிட்டாள்.

உங்கள் பிள்ளைக்கும் இப்படியே கணக்குப் பாருங்கள். 2026 ஜூனில் எல்.கே.ஜி. சேர வேண்டுமானால் 2022 ஆகஸ்ட் 1 முதல் 2023 ஜூலை 31 வரைக்குள் பிறந்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பு என்றால் 2020 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை. தாய்மார்கள் சிலர் 'ரமலான் பிறை பார்த்த மறுநாள் பிறந்தான்' என்று சொல்வீர்கள். அது உண்மைதான், ஆனால் பள்ளிக்கூடம் பார்ப்பது சான்றிதழில் இருக்கும் ஆங்கிலத் தேதியை மட்டும்தான். ஒரு நாள் தள்ளியிருந்தாலும் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

அப்படி ஒரு வருடம் தள்ளிப்போனால் பதறாதீர்கள். சீக்கிரம் சேர்க்க வேண்டும் என்று பிறந்த தேதியை மாற்றி எழுதுவதற்கு மட்டும் போகாதீர்கள். அந்தத் தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறும், பாஸ்போர்ட்டில் ஏறும். வளைகுடா போகும் நாளில் இரண்டு தேதியோடு அந்தப் பையன் அலைவான்.

இரண்டாவது சான்றுகள்

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது பிறப்புச் சான்றிதழ். இதில் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023இல் திருத்தினார்கள். 2023 அக்டோபர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டப் பிறப்புச் சான்றிதழே ஆவணம். அந்தப் பிள்ளைகள் முதல்முதலாக எல்.கே.ஜி.க்கு வரப்போவது 2027 ஜூனில். இப்போது கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்கு முன் பிறந்த பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் வேறு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் ஆஸ்பத்திரிப் பதிவேடு, கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, இல்லையென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவே ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது.

பிறப்புச் சான்றிதழில் நம் வீடுகளில் வரும் சிக்கல் பெரும்பாலும் இரண்டு. முதலாவது, சான்றிதழில் பிள்ளையின் பெயரே இருக்காது. ஆஸ்பத்திரியில் பிறந்ததும் தாய் தந்தை பெயரோடு பதிவு செய்துவிடுவார்கள். பெயர் வைத்த பிறகு போய் நாம் சேர்க்க மாட்டோம். பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்.

இரண்டாவது, எங்கே போய்ச் சேர்ப்பது என்ற குழப்பம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் வழக்கம். கோலாரிலோ பெங்களூரிலோ தாய்வீடு என்றால் குழந்தை அங்கே பிறக்கிறது, பதிவும் அங்கேதான். எங்கே பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளர்தான் பெயரைச் சேர்க்கவோ பிழையைத் திருத்தவோ முடியும். இங்கே பாரூரில் வி.ஏ.ஓ.விடம் நின்று பயனில்லை. கர்நாடகத்துப் பிறப்புச் சான்றிதழ் இங்கே செல்லுமா என்று ஒரு தாய் கேட்டார். செல்லும். பிறப்புச் சான்றிதழ் இந்தியா முழுவதற்கும் ஒரே சட்டத்தின் கீழ் கொடுப்பது.

பிறப்பையே பதிவு செய்யாமல் விட்டிருந்தால் வேலை கூடும். 21 நாளுக்குள் என்றால் எளிது. ஓராண்டு தாண்டிவிட்டால் வருவாய்த் துறை அதிகாரியின் உத்தரவு வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகலாம். மே மாதம் தொடங்கினால் ஜூனுக்குள் முடியாது.

இப்போது ஆயிஷாவின் பெயர்ப் பிரச்சினைக்கு வருவோம். சான்றிதழில் ஆயிஷா சித்தீக்கா என்று முழுப்பெயர். ஆதாரில் எஸ். ஆயிஷா. நம் பெயர்களில் இது சர்வ சாதாரணம். முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் நாலு வீட்டில் நாலு விதமாக எழுதுகிறோம். ஷேக், சையத் என்பது ஒரு தாளில் முன்னால் வரும், இன்னொரு தாளில் காணாமல் போகும். பள்ளிக்கூடத்தின் எமிஸ் பதிவில் எந்தப் பெயர் ஏறுகிறதோ அதுதான் கடைசி வரை வரும் என்பதால் பெயர் ஒன்றாக இருப்பது நல்லது. அதற்கு வழி, பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவது. ஐந்து வயதில் எப்படியும் கைரேகை பதிய ஆதார் மையத்துக்குப் போக வேண்டும். அப்போதே பெயரையும் சரிசெய்துவிடலாம்.

ஆனால் அது வரை சேர்க்கையை நிறுத்தி வைக்க முடியுமா? முடியாது. ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26ஆம் தேதி கொடுத்த தீர்ப்பில், பள்ளியில் சேர ஆதாரைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆதாரே இல்லாத பிள்ளையைச் சேர்க்கலாம் என்றால், ஆதாரில் பெயர் சுருங்கியிருக்கும் பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது?

கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'அத்தா வந்து கையெழுத்துப் போட்டால்தான்' என்று சில இடத்தில் சொல்கிறார்கள். அத்தா சவூதியில் இருப்பார், சில வீட்டில் தாய் தனியாக இருப்பார், சில பிள்ளைகளை நன்னிமா வளர்ப்பார். கல்வி உரிமைச் சட்டத்தில் பாதுகாவலர் என்பதற்கு அர்த்தம், பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பவர். தாய் போட்ட கையெழுத்து போதும், வளர்க்கும் நன்னிமாவின் கையெழுத்தும் போதும்.

மூன்றாவது தேர்வு

பிள்ளைக்குப் பரீட்சை வைப்பது, தாய் தந்தையை உட்கார வைத்து 'நீங்க என்ன படிச்சிருக்கீங்க' என்று கேட்டு அதன்படி இடம் கொடுப்பது, நன்கொடை வாங்குவது. இவை மூன்றையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். தேர்வு வைத்தால் முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை, அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டுவிட்டுத் தலைகுனிந்து வருவீர்கள். இந்தச் சட்டம் குழந்தை என்று சொல்வது 6 வயதிலிருந்து 14 வயது வரை உள்ளவர்களை. 25 சதவீத இடத்துக்கு மட்டும் அது எல்.கே.ஜி. வரை கீழே இறங்குகிறது. மற்ற இடங்களில் சேரும் நாலைந்து வயதுப் பிள்ளைக்கு 13ஆம் பிரிவு நேராகப் பொருந்துமா என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. எனவே 'இது சரியில்லை, எந்த விதிப்படி தேர்வு வைத்தீர்கள், எழுதிக் கொடுங்கள்' என்று கேட்பதுதான் அங்கே பலன் தரும்.

ஆயிஷாவுக்கு என்ன நடந்தது?

நாங்கள் செய்தது மிகச் சின்ன வேலை. ஒரு வெள்ளைத் தாளில் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எந்த வகுப்பு, இணைத்த சான்றுகள். கடைசியில் ஒரு வரி: 'இடம் கொடுக்க இயலாது என்றால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.' இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கச் சொன்னோம். அந்தத் தாய் நல்ல தைரியசாலி, வாங்கி வந்துவிட்டார்.

ஐந்து நாள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: 'வயது போதாது.' அவ்வளவுதான். பெயர் வித்தியாசத்தைக் காணோம், தமிழ் படிக்கத் தெரியாததைக் காணோம். வாயால் சொன்ன மூன்று காரணத்தில் இரண்டு தாளில் ஏறவே இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும், நிற்காத காரணங்கள் தாமாகவே விழுந்துவிட்டன.

மிச்சம் இருந்த ஒரு காரணத்துக்குப் பதில் எழுதினோம். பிறந்த தேதி இது, ஜூலை 31இல் வயது இவ்வளவு, தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. இந்தத் தடவை தாளாளருக்கு எழுதினோம். வாதமும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஒரு வாரத்துக்குள் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை மோசமானவர் அல்ல. ஆறு வயது என்று எங்கோ செய்தியில் பார்த்ததை நம் மாநில விதி என்று நினைத்துவிட்டார். சேர்க்கை விதியை எழுதி மாட்டியிருந்தால் அவருக்கே அந்தக் குழப்பம் வந்திருக்காது.

தாளாளரும் மறுத்திருந்தால்?

அப்போது கிருஷ்ணகிரி போக வேண்டும். தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். அவருக்கு மனு எழுதி, விண்ணப்பத்தின் நகலையும் மறுப்புக் கடிதத்தின் நகலையும் இணைக்க வேண்டும். அவருக்கு மேலே முதன்மைக் கல்வி அலுவலர். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். எங்கே போவதென்று தெரியவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417இல் கேட்கலாம்.

பிள்ளைக்கு ஆறு வயது முடிந்து, கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ள உரிமை மறுக்கப்பட்டது என்றால் 32ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் புகார் கொடுக்கலாம். புகாரைப் பெற்ற அமைப்பு இரு தரப்பையும் விசாரித்து மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவில் திருப்தி இல்லையென்றால் சென்னையில் உள்ள மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. மூன்று மாதம் என்பதைக் கவனியுங்கள். ஜூனில் புகார் கொடுத்தால் செப்டம்பர் ஆகிவிடும். அது வரை பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு வழக்கை நடத்துங்கள்.

எந்த மறுப்பை உடைப்பது கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'இடம் நிரம்பிவிட்டது' என்ற பதில். உண்மையிலேயே நிரம்பியிருந்தால், 25 சதவீதத்துக்கு வெளியே உள்ள இடத்தில் இந்தப் பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று தனியார் பள்ளியைக் கட்டாயப்படுத்த வழி இல்லை. எத்தனை இடம், எந்தத் தேதியில் நிரம்பியது என்று மட்டும் கேட்கலாம். அதற்கு நாம் முதலில் போயிருக்க வேண்டும்.

25 சதவீத இடம்

சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடம், பள்ளிக்குக் கட்டணம் கட்டாமல் சேரும் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுக்கும். எல்.கே.ஜி.யில் 40 இடம் என்றால் 10 இடம். எல்.கே.ஜி. இருக்கும் பள்ளியில் நுழைவு வகுப்பு எல்.கே.ஜி.தான். அங்கே ஒன்றாம் வகுப்பில் போய் இந்த இடத்தைக் கேட்க முடியாது. வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். rte.tnschools.gov.in தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இடத்தை விட விண்ணப்பம் கூடினால் குலுக்கல்.

ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது நலிவடைந்த பிரிவுக்கான வழி. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு என்று இன்னொரு வழி இருக்கிறது. அதில் பிற்படுத்தப்பட்டோரும் வருகிறார்கள். தமிழ்நாட்டில் பி.சி. முஸ்லிம் பட்டியலில் லெப்பை, தக்கனி முஸ்லிம், ஷேக், சையத், துதேகுலா, அன்சார், மாப்பிள்ளை என்று ஏழு பிரிவு இருக்கின்றன. அந்தச் சாதிச் சான்றிதழ் இருந்தால் அதைக் கொண்டே விண்ணப்பிக்கலாம். பெங்களூரில் வாங்கிய சான்றிதழ் இதற்கு ஆகாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, போச்சம்பள்ளி வட்டாட்சியர் அலுவலகம் வழியாக இங்கேதான் வாங்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சிலேயே விண்ணப்பியுங்கள்.

இந்த ஒரு கதவை மட்டும் நம்பி நிற்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கமாக ஏப்ரலில் தொடங்கும் இந்தச் சேர்க்கை 2025இல் ஒன்றிய அரசு நிதி வராததால் அக்டோபர் வரை தொடங்கவே இல்லை. ஜூனில் பிள்ளையை எங்கும் சேர்க்காமல் காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள்.

கடைசியாக, நம்மவர்கள் நடத்தும் பள்ளிக்கூடங்கள்

முன்வரிசையில் சிறுபான்மைப் பள்ளிக்கூட நிர்வாகிகள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இது உங்களுக்கு. 2014 மே 6ஆம் தேதி பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பின் மீது சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

25 சதவீதம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்றால் அதன் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். உங்கள் வாசலில் மறுக்கப்படும் ஏழைத் தாய்க்கு அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க வழி இல்லை. மற்ற பள்ளியில் அவருக்கு 13ஆம் பிரிவு இருக்கிறது, 32ஆம் பிரிவு இருக்கிறது. உங்களிடம் வரும்போது இருப்பதெல்லாம் நீங்கள் எழுதி வைத்திருக்கும் விதி மட்டும்தான். அதையும் எழுதவில்லை என்றால் அவருக்கு ஒன்றுமே இல்லை. ஜமாஅத்தில் யாரைத் தெரியும் என்பதுதான் விதியாகிவிடும்.

அதனால் ஒரு தாள் எழுதுங்கள். வகுப்புக்கு எத்தனை இடம் என்று முதலில் போடுங்கள். முன்னுரிமை வரிசையைப் போடுங்கள்: ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் உடன்பிறந்தவர், தாய் அல்லது தந்தையை இழந்த பிள்ளை, பக்கத்தில் குடியிருப்பவர், பிறகு மற்றவர். ஒரே நிலையில் இருப்பவர்கள் இடத்தை விடக் கூடுதலாக இருந்தால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். வயதை 'நாலு வயது' என்று மொட்டையாக எழுதாமல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் பிறந்தவர் என்று எழுதுங்கள். அந்த வரியை ஒவ்வொரு வருடமும் மாற்ற வேண்டும்.

சான்றுகளை இரண்டாகப் பிரியுங்கள். சேரும் நாளில் வேண்டியது பிறப்புச் சான்றிதழும் போட்டோவும் முகவரிச் சான்றும். மூன்று மாதத்துக்குள் கொடுத்தால் போதும் என்பது சாதிச் சான்றிதழ், ஆதார், பெயர்த் திருத்தம். இந்தப் பிரிவினை ஒன்றைச் செய்தாலே பாதிக் கண்ணீர் குறைந்துவிடும். ஏனென்றால் மே மாதத்தில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகளில் பலர் தகுதி இல்லாதவர்கள் அல்ல, ஒரு தாள் தாமதமானவர்கள்.

மறுப்புக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். விண்ணப்பம் வந்த ஏழு நாளில் எழுத்தில் பதில். மறுத்தால் காரணம். பதில் கிடைத்த பத்து நாளுக்குள் பெற்றோர் மேல்முறையீடு செய்யலாம். அதை விசாரிக்க மூன்று பேர், அதில் ஒருவர் பெற்றோர், ஒருவர் வெளி ஆள். மறுத்த தலைமையாசிரியர் அந்த மூவரில் இருக்கக் கூடாது. தான் சொன்ன தீர்ப்பைத் தானே மறுவிசாரணை செய்வதில் அர்த்தம் இல்லை. மேல்முறையீடு முடியும் வரை அந்த ஓர் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வையுங்கள். இல்லையென்றால் அந்தத் தாய் மேல்முறையீட்டில் ஜெயித்துவிட்டு வந்து பார்க்கும்போது இடம் இருக்காது.

தாயார்கள் கிளம்பும் முன் ஒரு வேலை. நம் அலுவலகத்தில் ஆயிஷாவுக்கு எழுதிய அதே விண்ணப்பத்தின் மாதிரி, பெயரும் தேதியும் நிரப்ப இடம் விட்டு அச்சிட்டு வைத்திருக்கிறோம். ஆளுக்கு இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, இன்னொன்று முத்திரை வாங்கி வீட்டில் பத்திரமாக வைப்பதற்கு. பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்திருப்பவர்கள் அந்த மேசையில் காட்டுங்கள். பெயர் இருக்கிறதா, தேதி எந்த வகுப்புக்கு வருகிறது என்று நம் பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள்.